பார்சல் டப்பாவுக்கு 18 சதவீத வரி, இட்லிக்கு 5: ஓட்டல் பில்லில் எது சரி?

சாம்பார்வாளி | 2025 அக்டோபர் 11, இரவு 10.52

கோவையில் ஒரு ஏசி ஓட்டல், பெயர் வேண்டாம். நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டது 1,280 ரூபாய். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் அத்தைக்கும் பார்சல் 320. பேக்கிங் சார்ஜ் 40. அப்புறம் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்று 160. இதுவரை 1,800. இதன் மேல் ஜிஎஸ்டி 95 ரூபாய் 20 பைசா. மொத்தம் 1,895.20, சில்லறையைத் தள்ளி 1,895 வாங்கிக்கொண்டார்கள்.

என் கட்சி இதுதான். சாப்பாட்டுக்கு வரி போடட்டும், ஒப்புக்கொள்கிறேன். 1,600-க்கு 5 சதவீதம் என்றால் 80 ரூபாய். டப்பாவுக்கு எதற்கு வரி? பரிமாறியதற்குக் கூலி வாங்கிவிட்டு அந்தக் கூலிக்கும் என்னிடமே வரியா? 15 ரூபாய் 20 பைசா அதிகம் பிடுங்கியிருக்கிறார்கள். கேஷியரைக் கேட்டால் "சிஸ்டம் போடுது சார்" என்கிறார்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 11, இரவு 11.30

பில்லில் தவறு இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை.

டப்பாவுக்கும் வரி உண்டு, சர்வீஸ் சார்ஜுக்கும் உண்டு. இரண்டும் உணவோடு சேர்ந்து ஒரே தொகையாகி, மொத்தத்துக்கும் 5 சதவீதம். 1,800-க்கு 90 ரூபாய். சிஜிஎஸ்டி 45, எஸ்ஜிஎஸ்டி 45. நீங்கள் 1,890 கொடுத்திருக்க வேண்டும்.

அவர்கள் போட்டது 95.20. அதிகம் 5.20. இந்த 5.20 எங்கிருந்து வந்தது என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஓட்டல் பில்லில் தவறாக நுழையும் விகிதம் பெரும்பாலும் 18. பதினெட்டுக்கும் ஐந்துக்கும் இடைவெளி 13. ஆகவே 5.20-ஐ 13 சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். 40 வருகிறது. உங்கள் பேக்கிங் சார்ஜ் எவ்வளவு?

சாம்பார்வாளி | அக்டோபர் 11, இரவு 11.41

40.

அடப்பாவிகளா.

பொன்னி | அக்டோபர் 12, காலை 7.15

இதில் அடப்பாவி சொல்ல ஒன்றும் இல்லை. பில் சரியாகத்தான் இருக்கிறது. நான் பி.காம்., ஒரு ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடம் இருந்தேன். சாப்பாடு பரிமாறுவது சேவை, அதற்கு 5. பிளாஸ்டிக் டப்பா பொருள், அதற்கு 18. பில்லில் தனி வரிசையாகக் காட்டித் தனியாக விலை போட்டிருக்கும்போது அது தனி விற்பனைதான். 1,760-க்கு 88, 40-க்கு 7.20, கூட்டினால் 95.20. சாஃப்ட்வேர்க்காரன் முட்டாள் இல்லை.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 12, காலை 9.05

பொன்னி, டப்பா பொருள்தான், கடையில் போய் வெறும் டப்பா வாங்கினால் 18 தான். அதில் சண்டை இல்லை. ஆனால் இங்கே யாரும் டப்பா வாங்கப் போகவில்லை. பொங்கல் வாங்கினார்கள், அது கையில் ஒழுகாமல் வீடு போய்ச் சேர ஒரு டப்பா வந்தது. பொங்கல் வேண்டாம் என்றால் அந்த டப்பா விற்பனையே நடந்திருக்காது. இப்படி ஒன்றோடு ஒன்று இயல்பாக ஒட்டி வருவதை ஜிஎஸ்டி சட்டத்தின் 8-ஆம் பிரிவு ஒரே வழங்கலாகப் பார்க்கிறது. அதில் எது தலையோ அதன் விகிதம்தான் முழுத் தொகைக்கும். இங்கே தலை சாப்பாடு.

அந்தப் பிரிவு கூடத் தேவையில்லை. எந்தத் தொகைக்கு வரி போடவேண்டும் என்று சொல்லும் 15-ஆம் பிரிவிலேயே, விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் இடைச்செலவுகள், கமிஷனும் பேக்கிங்கும் உட்பட, மதிப்பில் சேரும் என்று இருக்கிறது. பேக்கிங் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். தனி வரிசையில் காட்டினாலும் தனிச் சீட்டில் காட்டினாலும் அது சாப்பாட்டின் விலையோடுதான் போகும்.

பார்சல் என்பதால் அது வேறு கணக்கு என்றும் இல்லை. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் எடுத்துப் போனாலும் அதே ரெஸ்டாரன்ட் சேவை, அதே 5.

பொன்னி | அக்டோபர் 12, காலை 9.40

அப்படியானால் எங்கள் தெரு ஓட்டலில் பெயர் அச்சிட்ட துணிப்பை 15 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதுவும் சாப்பாடா? வறுத்துச் சாப்பிடலாமா?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 12, காலை 10.10

நல்ல கேள்வி. 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை வந்த பிறகு இந்தத் துணிப்பை வியாபாரம் எல்லா ஓட்டலிலும் இருக்கிறது. பை வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்பவருக்கு மட்டும், அதற்கென்று ஒரு விலை சொல்லி விற்றால் அது தனி விற்பனை. பைக்கு என்ன விகிதமோ அது. வீட்டிலிருந்து மஞ்சப்பை கொண்டு வந்தவர் அந்த 15 ரூபாயைக் கொடுக்க மாட்டார், சாப்பாடு மட்டும் கிடைக்கும். அங்கே நீங்கள் சொல்வது சரி.

டப்பா அப்படி இல்லை. கேட்காமலே பில்லில் ஏறுகிறது.

சாம்பார்வாளி | அக்டோபர் 12, பகல் 1.20

நான் தூக்குவாளியோடு போகிறவன். பெயரைப் பார்த்தாலே தெரியும். சாம்பார் வாளியில், சட்னி கிண்ணத்தில், இட்லி வாழையிலையில். அப்போதும் சில இடங்களில் ஐட்டத்துக்கு 5 ரூபாய் என்று பேக்கிங் சார்ஜ் ஏறிவிடும். பில் போட்ட பிறகுதான் வாளியைப் பார்ப்பார்கள்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 12, பகல் 1.45

அது வரி வழக்கு இல்லை, வாளி வழக்கு. பில் அடிக்கும் முன்பே வாளியைக் கல்லா மேல் வையுங்கள்.

மெஸ் ராணி | அக்டோபர் 12, பிற்பகல் 3.30

திருச்சியில் சின்ன மெஸ் வைத்திருக்கிறேன். எனக்கு இந்தப் பிரச்சினையே தலைகீழாக வருகிறது. சின்ன வியாபாரிகளுக்கான காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். பில்லில் வரி போடவே கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் விற்பனையில் 5 சதவீதத்தை என் கையிலிருந்து கட்டுகிறேன். பார்சலுக்கு 5 ரூபாய் வாங்குவதும் அந்த விற்பனையில் சேர்ந்துதான் போகிறது, அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன்.

ஆனால் சாப்பிட வருகிற ஐடி பையன்கள் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "என்னக்கா, ஜிஎஸ்டி காணோம், கவர்மென்ட்டை ஏமாத்துறீங்களா" என்கிறார்கள். வரி போட்டால் திருடி, போடாவிட்டாலும் திருடி.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 12, பிற்பகல் 4.00

ராணியம்மா, உங்கள் பில்லின் தலையில் காம்பொசிஷன் வரி செலுத்துபவர், வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் கட்டாயம் இருக்க வேண்டும். அது இருந்தால் பையன்கள் வாயை மூடுவார்கள். இல்லாவிட்டால் அச்சிட்டுவிடுங்கள், கேட்கிறவர் பையன்களாகவே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மற்றவர்களுக்கும் ஒன்று. இது எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஒன்றரைக் கோடிக்குள் விற்பனை உள்ள ஓட்டல் காம்பொசிஷனில் இருந்துகொண்டே பில்லில் 5 சதவீதம் போட்டு வாங்குவது. பில்லில் உள்ள பதினைந்து இலக்க எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் போட்டால் அவர் சாதாரணப் பதிவா, காம்பொசிஷனா என்று வந்துவிடும். நம் மாநில எண் 33 என்று தொடங்கும். காம்பொசிஷன் என்று வந்தால் நீங்கள் வரி கொடுக்க வேண்டியதே இல்லை, 5-ஆ 18-ஆ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மெஸ் ராணி | அக்டோபர் 12, பிற்பகல் 4.20

வாசகம் இருக்கிறது சார். இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். பெரிசாக்குகிறேன்.

ஞாயிறு பிரியாணி | அக்டோபர் 12, இரவு 8.55

என் கேஸையும் பாருங்கள். போன் செயலியில் ஆர்டர் போட்டேன். பிரியாணி 260, ரெஸ்டாரன்ட் பேக்கிங் 20, டெலிவரி 35, பிளாட்ஃபார்ம் கட்டணம் 10-சொச்சம். கீழே "வரிகளும் கட்டணங்களும்" என்று ஒரே மூட்டை. பேக்கிங்குக்கு 18 போட்டிருக்கிறார்களா? ஓட்டலுக்குப் போன் போட்டால் வரி எங்கள் கைக்கே வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பொய்தானே?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 12, இரவு 9.30

உண்மை. 2022 ஜனவரி 1 முதல், செயலி வழியாகப் போகும் ரெஸ்டாரன்ட் சாப்பாட்டுக்கான வரியைச் செயலி நிறுவனமே அரசுக்குக் கட்ட வேண்டும். ஓட்டல் கைக்கு அது வராது.

மூட்டையைத் தட்டினால் பிரியும், பெரும்பாலான செயலிகளில் ஆர்டர் முடிந்தபின் பில் பிடிஎஃப் கிடைக்கும். பிரியாணியும் ஓட்டல் போட்ட பேக்கிங்கும் சேர்ந்து 280, அதற்கு 5 சதவீதம், 14 ரூபாய். டெலிவரியும் பிளாட்ஃபார்ம் கட்டணமும் ஓட்டலின் சேவை இல்லை. அவற்றுக்கு 18 சரி. உங்கள் பில்லில் 18 இருப்பதாலேயே அதைத் தவறென்று சொல்ல முடியாது. எந்த வரிசையின் மேல் இருக்கிறது என்று பாருங்கள்.

மதுரை பெரியவர் | அக்டோபர் 13, காலை 6.10

தம்பிகளா, ஐந்து ரூபாய்க்கு இவ்வளவு கலாட்டாவா? நான் ஓட்டல்களில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த புதிதில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஏசி இல்லாத ஓட்டலுக்கு 12, ஏசி இருந்தால் 18. எங்கள் ஓட்டலில் மாடியில் மட்டும் ஒரு ஏசி அறை. கட்டடத்தின் ஒரு மூலையில் ஏசி இருந்தாலும் எல்லாவற்றுக்கும் 18 என்று விளக்கம் வந்தது. கீழே தெரு வெயிலில் நின்று பார்சல் வாங்குகிறவனுக்கும் 18! "ஏசிக் காத்து எங்கப்பா?" என்று கேட்காதவன் கிடையாது. எங்கள் முதலாளி மாடி அறையின் ஏசியைக் கழற்றிவிடலாமா என்று என்னையே கேட்டார். நவம்பர் 15-ஆம் தேதி அரசாங்கமே எல்லாருக்கும் 5 என்று இறக்கிவிட்டது, ஏசி பிழைத்தது.

அதற்கும் முந்தி, பழைய விற்பனை வரிக் காலத்திலேயே இந்தச் சண்டை உண்டு. ஓட்டலில் பரிமாறும் சாப்பாடு விற்பனையே இல்லை என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள், 1982-இல், 46-ஆவது திருத்தம். அதன் பிறகு நம் ஊர்க்காரர்களே, கே. தாமோதரசாமி நாயுடு பிரதர்ஸ், தமிழ்நாடு அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். பில்லில் பரிமாறும் வேலைக்கான பங்கைக் கழித்துவிட்டு உணவுக்கு மட்டும் வரி போடு என்று வாதம். சாம்பார்வாளி தம்பி இப்போது கேட்பதேதான். 1999-இல் தோற்றார்கள். முழு பில்லுக்கும் வரி போடலாம் என்றார்கள்.

சாம்பார்வாளி | அக்டோபர் 13, காலை 8.30

ஆக என் வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போய்த் தோற்கவும் தோற்றுவிட்டார்கள். வக்கீல் செலவு மிச்சம்.

சரி, 5.20-ஐ ஓட்டல்காரர் பையில் போட்டுக்கொண்டாரா, அரசுக்குப் போனதா? அதுதான் இப்போது உறுத்துகிறது.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 13, காலை 11.00

வரி என்று சொல்லி வாங்கிய காசு, தவறாக வாங்கியதே ஆனாலும், அரசுக்குத்தான் போக வேண்டும். அதற்கென்று 76-ஆம் பிரிவு இருக்கிறது. வைத்துக்கொண்டால் வட்டியோடு அபராதம். பெரும்பாலும் அவர் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார். இதில் அவருக்கு லாபமும் இல்லை.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், என் கட்சிக்காரர்களிடம் பார்த்ததுதான். பில்லிங் சாஃப்ட்வேர் போடும் பையன் இட்லி, தோசை எல்லாவற்றையும் 996331 என்ற ரெஸ்டாரன்ட் சேவைக் குறியீட்டில் 5 சதவீதத்தில் ஏற்றுவான். பேக்கிங் சார்ஜை ஏற்ற ஒரு குறியீடு தேடும்போது, டப்பா வாங்கிய பில் மேசையில் கிடக்கும். அதில் பிளாஸ்டிக் டப்பாவுக்கு 3923 என்றும் 18 என்றும் இருக்கும். அப்படியே எடுத்துப் போட்டுவிடுவான். வாங்கிய பில்லின் விகிதம் விற்கிற பில்லுக்கு வந்துவிடும். ஆடிட்டர் மாதக் கணக்கைப் பார்க்கும்போது விகிதவாரியாகக் கூட்டுத்தொகைதான் பார்ப்பார். 18-இல் கொஞ்சம் விற்பனை இருந்தால் ஏதோ வேறு கவுன்டர் விற்பனை என்று நினைத்துக்கொள்வார்.

கேஷியரிடம் சண்டை போடாதீர்கள். மேலாளரிடம் போய்ப் பேக்கிங் ஐட்டத்தின் குறியீட்டை மாற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

பொன்னி | அக்டோபர் 13, பகல் 12.25

ஆனால் ஓட்டல்காரர் அந்த டப்பாவை வாங்கும்போதே 18 கட்டிவிட்டாரே. மறுபடி அதே டப்பாவுக்கு 5 வாங்குவது வரிக்கு மேல் வரி இல்லையா?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 13, பகல் 1.10

ஆமாம், ஒரு வகையில் அதுதான். 5 சதவீதத்தில் இருக்கும் ஓட்டல், வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த நிபந்தனையோடுதான் 5 கொடுத்தார்கள். டப்பா, காஸ், கடை வாடகை, எதற்குக் கட்டிய வரியும் அவருக்குச் செலவு. 100 ரூபாய் டப்பா அவருக்கு 118. அதைத்தான் பேக்கிங் சார்ஜாக நம் தலையில் வைக்கிறார், அதன் மேல் 5.

பெரிய நட்சத்திர ஓட்டல்களில் கதை வேறு. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500-ஐத் தாண்டும் வளாகங்களில் உள்ள ரெஸ்டாரன்ட்டில் முழு பில்லுக்கும் 18, பேக்கிங்குக்கும் சர்வீஸ் சார்ஜுக்கும் அதே 18. அவர்கள் உள்வரியைக் கழித்துக்கொள்ளலாம். அங்கே ஒரே பில்லில் 5-ஐயும் 18-ஐயும் தேடாதீர்கள்.

மெஸ் ராணி | அக்டோபர் 13, பகல் 2.00

எல்லாரும் 5 ரூபாயைப் பிடித்துத் தொங்குகிறீர்களே, அந்த 160 ரூபாயை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? என் மெஸ்ஸில் பரிமாறுவதற்குத் தனியாக 10 சதவீதம் கேட்டால் இலையைத் தூக்கி எறிவார்கள்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 13, மாலை 6.45

ராணியம்மா சொல்வதுதான் இந்த பில்லில் பெரிய விஷயம்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் தானாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது. இவற்றோடு இந்த இழைக்கே எழுதியது போல இன்னொன்றும் இருக்கிறது. சர்வீஸ் சார்ஜைச் சாப்பாட்டு பில்லோடு கூட்டி, மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போட்டு வசூலிக்கக் கூடாது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அந்த மாதமே தடை வாங்கின. 2025 மார்ச் 28-ஆம் தேதி அதே நீதிமன்றம் அவர்கள் மனுக்களைத் தள்ளி வழிகாட்டுதலை உறுதி செய்தது. சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் செலவுத்தொகை வேறு. அதன் மேல் அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

இப்போது முதலில் நான் சொன்னதோடு இது முட்டுவது போலத் தெரியும். முட்டவில்லை. சர்வீஸ் சார்ஜ் வாங்கியது சரியா தவறா என்று வரிச் சட்டம் கேட்பதில்லை. ஓட்டல் கல்லாவுக்கு வந்ததா, வந்தது. அப்படியானால் 5 சதவீதம் கட்டு. வாங்கலாமா என்று கேட்பது நுகர்வோர் சட்டம். அங்கே பதில், கேட்காமல் சேர்க்கக் கூடாது.

சாம்பார்வாளி, அந்த 160-ஐ எடுக்கச் சொல்லியிருந்தால் 1,640-க்கு 82 வரி, மொத்தம் 1,722. 1,895 கொடுத்தீர்கள். வித்தியாசம் 173. அதில் டப்பாச் சண்டை 5 ரூபாய் சொச்சம்தான்.

சாம்பார்வாளி | அக்டோபர் 13, இரவு 7.10

173 ரூபாயா. பார்சல் 320-க்கும் சேர்த்து 10 சதவீதம் போட்டிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். பார்சலுக்கு யார் பரிமாறினது? நான்தான் வீட்டில் அத்தைக்குப் பரிமாறினேன். அந்த 32 ரூபாய் எனக்கு வர வேண்டியது.

மதுரை பெரியவர் | அக்டோபர் 13, இரவு 8.20

தம்பி சொல்வது நியாயம். ஆனால் அந்தக் காசில் ஒரு பங்கு சர்வர் பையன்களுக்குப் போகும் ஓட்டல்களும் உண்டு. மாதக் கடைசியில் பிரித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். எல்லா முதலாளியும் ஒன்றில்லை.

சிராங்கூன் | அக்டோபர் 14, காலை 9.00

சிங்கப்பூரிலிருந்து. இங்கே மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். முதல் குறி 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், இரண்டாவது ஜிஎஸ்டி, இப்போது 9. சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்குத்தான் ஜிஎஸ்டி. 100 வெள்ளிச் சாப்பாடு 119.90 ஆகும். யாரும் கேள்வி கேட்பதில்லை. லிட்டில் இந்தியாவில் இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் மட்டும் கூட்டல் குறி கிடையாது, அதனால் நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறோம்.

ஞாயிறு பிரியாணி | அக்டோபர் 14, காலை 10.30

போன வாரம் என் நண்பர் ஒரு இடத்தில் சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னார், முகம் சுளிக்காமல் எடுத்தார்கள். அவர் பில்லைப் படம் எடுத்து அனுப்பினார். சாப்பாடு 900, சர்வீஸ் சார்ஜ் 90, ஜிஎஸ்டி 49.50, கழிவு 90. கடைசியில் 949.50. ஜெயித்துவிட்டதாக மீசையை முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 14, பகல் 12.15

மீசையை இறக்கச் சொல்லுங்கள். 900-க்கு வரி 45 தான். அவர் இல்லாத சர்வீஸ் சார்ஜுக்கு நாலரை ரூபாய் வரி கட்டியிருக்கிறார்.

இது நிறைய இடங்களில் நடக்கிறது. பில் ஏற்கெனவே அடித்துவிட்டதால், சர்வீஸ் சார்ஜ் வரிசையை அழிக்காமல் கடைசியில் கழிவாகப் போட்டுவிடுகிறார்கள். கழிவு வரிக்குக் கீழே போனால் வரி குறையாது. வரிக்கு மேலே வந்தால்தான் குறையும். பில்லை ரத்து செய்து புதிதாக அடிக்கச் சொல்ல வேண்டும். பார்த்ததும் பிடிக்க ஒரே வழி, கடைசியில் கொடுக்கும் தொகையில் வரி போக மீதியை எடுத்து, அதில் இருபதில் ஒரு பங்கு வரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. 900-இல் இருபதில் ஒன்று 45. பில்லில் 49.50 இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பொன்னி | அக்டோபர் 14, பகல் 12.50

அப்படியானால் டிப்ஸ்? சர்வர் கையில் 50 ரூபாய் கொடுத்தால் அதற்கும் 5 சதவீதமா?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 14, பகல் 1.05

கையில் கொடுத்தால் ஓட்டலுக்கு வந்த காசு இல்லை. வரி இல்லை.

பொன்னி | அக்டோபர் 14, பகல் 1.12

கார்டு மெஷினில் தொகை போடும்போதே டிப்ஸ் சேர்க்கவா என்று கேட்கிறதே, அது? காசு ஓட்டல் வங்கிக் கணக்குக்குத்தானே போகிறது?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 14, மாலை 5.40

இங்கே எனக்கும் என் சீனியருக்கும் ஒத்துப்போகவில்லை. வாடிக்கையாளர் தானாகக் கொடுத்தது, ஓட்டல் முழுவதையும் பையன்களுக்குக் கொடுத்துவிட்டது, கொடுத்ததற்கு ஏடு இருக்கிறது என்றால் ஓட்டல் வெறும் கைமாற்றுதான், வரி வராது என்பது என் பார்வை. ஓட்டல் கணக்கில் விழுந்த எதையும் அதிகாரி விற்பனை என்றுதான் முதலில் பார்ப்பார், ஏடு இல்லாவிட்டால் தொலைந்தாய் என்கிறார் சீனியர். பெரியவர் கையெழுத்து வாங்கினேன் என்றாரே, அந்த மாதிரி ஏடு இன்றைக்கு எத்தனை ஓட்டலில் இருக்கிறது?

சாம்பார்வாளி | அக்டோபர் 19, இரவு 9.25

மறுபடி போனேன். மேலாளர் நல்ல மனிதர், உட்கார வைத்துக் காபி கொடுத்தார். குறியீடு விஷயத்தைச் சொன்னதும் ஆடிட்டருக்குப் போன் போட்டார், பத்து நிமிடத்தில் ஆமாம் என்று பதில் வந்தது. பழைய பில்லுக்கு எதுவும் செய்ய முடியாது என்றார். விட்டுவிட்டேன்.

இன்றைய பில்: பேக்கிங் சார்ஜ் என்ற வரிசையே இல்லை. ஆனால் பார்சல் பொங்கல் 80-லிருந்து 90 ஆகிவிட்டது. சர்வீஸ் சார்ஜும் இல்லை. அதற்குப் பதில் "ஊழியர் நலன் 5%" என்று ஒரு வரிசை. எல்லாம் கூட்டி அதன் மேல் ஜிஎஸ்டி.

மெஸ் ராணி | அக்டோபர் 19, இரவு 9.40

அந்தக் காபிக்கும் ஊழியர் நலன் போட்டார்களா?

கணக்குப்பிள்ளை | அக்டோபர் 19, இரவு 10.05

பார்சலுக்குத் தனி விலை வைப்பது அவர் உரிமை. விலைப்பட்டியலில் இருந்தால் போதும், வரியும் சரியாக 5-இல் விழும், யாரும் கேட்க முடியாது. என் கட்சிக்காரர்களுக்கு நானே அதைத்தான் சொல்கிறேன்.

ஊழியர் நலன் வேறு விஷயம். பெயர் மாறியது, சரக்கு அதேதான், வழிகாட்டுதல் வேறு பெயரில் வாங்குவதையும் சேர்த்தேதான் தடுக்கிறது. எடுத்துவிட்டுப் புது பில் அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குச் சொல்லுங்கள். புகாரில் ஜிஎஸ்டியைப் பற்றி எழுதாதீர்கள், ஊழியர் நலன் என்று கேட்காமல் சேர்த்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் அவர்கள் வரித் துறைக்குப் போ என்பார்கள், வரித் துறை நுகர்வோர் துறைக்குப் போ என்பார்கள்.

சாம்பார்வாளி | அக்டோபர் 19, இரவு 10.12

காபி குடித்துவிட்டு எப்படி சார் புகார் கொடுப்பது.